மேலாளர் மாறினால் வாய்ச்சொல் என்னாகும்?

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணிடம், "வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கம்மா" என்று மேலாளர் சொல்லியிருப்பார். அவர் மாறியதும் அந்த ஏற்பாடு காணாமல் போய்விடும்.

இந்தியாவின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், வேலையின் தன்மை இடங்கொடுத்தால் நிறுவனம் இதற்கு அனுமதிக்கலாம் என்றது. காலமும் நிபந்தனையும் இருவரும் பேசி முடிவு செய்வது, நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை. அதனால் பேசியது எழுத்தில் இருந்தே ஆகவேண்டும்.

பேசிய அன்றே மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புவது நல்லது: "இன்று பேசியபடி, ஜூன் 1 முதல் ஆறு மாதம் திங்கள், செவ்வாய், புதன் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி கோருகிறேன். சம்பளத்தில் மாற்றமில்லை என்றீர்கள். உறுதிசெய்து பதில் அனுப்பவும்."

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. ஒரு வாரத்தில் நினைவூட்ட வேண்டும்; பதிலில் முடிவுத் தேதி இல்லையென்றால் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.