விமானத்தில் தூக்க மாத்திரை: யாருக்கு, எப்போது?

"தம்பி, பிளேன்ல தூங்குறதுக்கு ஒரு மாத்திரை குடுப்பா." மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மாக்கள் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்பது இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்க முடியாது. சீட்டு இருந்தாலும், எப்போது போடுவது என்று சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பயணம் சுமார் 4 மணி நேரம், அடுத்தது சுமார் 14 மணி நேரம். பரவலாகத் தரப்படும் சோல்பிடெம் அரை மணி நேரத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும். ஆனால் அதைப் போட்டால் 7, 8 மணி நேரம் தூங்கியாக வேண்டும். முதல் விமானத்தில் போட்டவர் துபாயில் கால் தள்ளாட இறங்குவார். எந்த வாசலுக்குப் போனோம் என்பதே பிறகு நினைவில் இல்லாமல் போகலாம். எனவே இரண்டாவது விமானத்தில் மட்டும், அதுவும் விமானம் மேலே ஏறிய பிறகு போடலாம். ஓடுபாதையிலேயே இரண்டு மணி நேரம் நின்றுவிடும் விமானங்களும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட்டால் மருந்து தாமதமாகத்தான் வேலை செய்யும். தூக்கம் வரவில்லையே என்று இன்னொன்றை விழுங்குவதுதான் பெரிய ஆபத்து. மதுவும், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் கூடவே கூடாது.

அடுத்து கால்கள். இயல்பாகத் தூங்குகிறவர் அவ்வப்போது புரண்டு, காலை மடக்கி நீட்டுவார். மாத்திரையில் ஆழ்ந்தவர் அப்படியே கிடப்பார். இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாயை அழுத்தும். கெண்டைத் தசை அசையாததால் ரத்தம் மேலே ஏறாமல் தேங்கி உறையலாம். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு இது நேர்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் கணக்கிட்டது. ஆரோக்கியமானவர் அஞ்ச வேண்டாம். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், புற்றுநோயாளி, கர்ப்பிணி, முன்பு ரத்தம் உறைந்தவர் ஆகியோர் மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. அழுத்தக் காலுறை வேண்டுமா என்று இவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கீழே விழுவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 68 வயதுக்காரர் இருட்டில் கழிப்பறைக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், இடுப்பெலும்பு முறியும். 65 வயதைக் கடந்தவர்கள் இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல். அந்த அம்மாவுக்கு என் பதில் மாத்திரை அல்ல: நடைபாதை ஓர இருக்கை, கண்மறைப்பு, காதடைப்பான். விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நாலடி நடக்கட்டும்.

ஊர் போய்ச் சேர்ந்த சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ, ஜெட்லாக் என்று படுத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், நீண்ட நேரம் விமானத்தில் வந்ததை முதலில் சொல்லுங்கள்.