சுருக்கத்தில் விடை கிடைக்காத கேள்விகள்

மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்களுக்கு 'ஜர்னல் கிளப்' என்று ஒரு வகுப்பு உண்டு. ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்து, ஒரு மாணவர் அதை விளக்க, மற்றவர்கள் விவாதிக்க வேண்டும். ஆனால் இரவுப் பணி முடித்து வரும் மாணவர்களில் பலர் முதல் பக்கத்துச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருவார்கள். அதனால் கட்டுரையோடு ஐந்தாறு கேள்விகளையும் அனுப்பிவிடுவது நல்ல வழக்கம். அந்தக் கேள்விகளை எப்படித் தயாரிப்பது என்பதை ஒரு கட்டுரையை வைத்தே பார்க்கலாம்.

2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு குழந்தை மருத்துவத் துறையில் பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வரும் குழந்தைக்கு நரம்பு வழியாகத் திரவத்தை வேகமாக ஏற்றுவது வழக்கம். இதற்கு 'போலஸ்' என்று பெயர். கென்யா, உகாண்டா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,141 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். போலஸ் கொடுத்த இரண்டு குழுக்களிலும் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்தரைப் பேர் அளவில் இறந்தார்கள். கொடுக்காத குழுவில் இறந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர்.

"எந்தக் குழுவில் இறப்பு அதிகம்?" என்று கேட்டால் அது வீண் கேள்வி, விடை சுருக்கத்திலேயே இருக்கிறது. நான் முதலில் படிப்பது ஆய்வுமுறைப் பகுதியையும் அட்டவணைகளையும்தான். எந்த இடத்தில் நின்று திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறதோ, அங்கேதான் கேள்வி பிறக்கும். கேள்வியை எழுதியதும் அதன் விடையையும் அது இருக்கும் பக்கத்தையும் அருகிலேயே குறித்துவிட வேண்டும். பிறகு சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரைக்கு என் முதல் கேள்வி: "ஆய்வில் சேர்க்காமல் விடப்பட்ட குழந்தைகள் யார்? உங்கள் வார்டில் நேற்று போலஸ் பெற்ற குழந்தை இந்த ஆய்வில் இடம்பெற்றிருக்குமா?" வயிற்றுப்போக்கு உள்ளவர்களையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களையும் ஆய்வாளர்கள் சேர்க்கவில்லை. இதைக் கவனிக்காத மாணவர், 'திரவம் ஆபத்து' என்ற ஒற்றை வரியோடு வார்டுக்குப் போவார். பேதியில் வறண்டு வரும் குழந்தைக்கு அந்த ஒற்றை வரியால் உயிரே போகலாம். கேள்வியின் இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் பட்டியலை ஒப்பிப்பதோடு நின்றுவிடுவார்கள். வார்டில் பார்த்த குழந்தையை உள்ளே கொண்டுவந்தால்தான் பட்டியலைப் பயன்படுத்திப் பார்ப்பார்கள்.

இரண்டாவது கேள்வி: "கை கால் சூடாக, நாடி நன்றாக இருந்து, நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப 3 விநாடி ஆகும் குழந்தையை, ரத்த ஓட்டக் குறைவு உள்ளதாக இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளுமா?" எடுத்துக்கொள்ளும். நான்கு அறிகுறிகளில் ஒன்று இருந்தாலே போதும் என்பது ஆய்வின் வரையறை. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய வரையறையோ எல்லா அறிகுறிகளும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. ஆய்வு வெளிவந்தபின் எழுந்த வாதங்களில் பெரும்பகுதி இந்த இடத்தைச் சுற்றியே நடந்தது. "ரத்த ஓட்டக் குறைவை வரையறு" என்று கேட்டிருந்தால் இரண்டு வரியை நகலெடுத்திருப்பார்கள். ஒரு குழந்தையைக் காட்டிக் கேட்கும்போது முடிவெடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. போலஸ் பெற்றவர்களின் இறப்பு அபாயம் 1.45 மடங்கு என்கிறது கட்டுரை. "இதை, எத்தனை குழந்தைகளுக்குப் போலஸ் கொடுத்தால் ஒரு கூடுதல் இறப்பு என்று மாற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பேன். நூற்றுக்கு 3.3 வித்தியாசம் என்றால் சுமார் 30 குழந்தைகளுக்கு ஒன்று. இந்த எண் கட்டுரையில் எங்கே என்று தேடுகிறவரைவிட, தாளில் வகுத்துப் பார்க்கிறவர் அதை மறக்கமாட்டார்.

கேள்வியின் சொற்களே விடையை ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை. "போலஸால் நுரையீரலில் நீர் கோத்து இறந்தது ஏன்?" என்ற கேள்வி, நிரூபிக்கப்படாத ஒரு காரணத்தை உண்மையாக்கிவிடுகிறது. அதை இப்படி மாற்றுவேன்: "இறப்பு கூடியதற்கான காரணத்தை இந்தக் கட்டுரை நிறுவுகிறதா?" இல்லை என்பதே விடை. பலர் முடிவுரையில் ஆசிரியர்கள் ஊகமாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பாகச் சொல்லும் இடம் இதுதான். அப்படிச் சொன்னால், "எந்த அட்டவணையில் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதும். 2013-இல் அதே குழு இறப்புகளைத் தனியே ஆராய்ந்து, கூடுதல் இறப்புகளுக்குப் பெரும்பாலும் ரத்த ஓட்டச் சரிவுதான் காரணம், நீர் கோத்தது அல்ல என்று எழுதியது. அந்தக் கட்டுரையை முதல் வகுப்பிலேயே கொடுக்கமாட்டேன். இந்தக் கேள்வியில் முட்டி நின்ற பிறகு, அடுத்த அமர்வுக்கு அதைத்தான் கொடுப்பேன்.