நுரையீரல் தட்டைப்புழு
நுரையீரல் தட்டைப்புழு என்பது நன்னீர் நண்டுகளைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்போரைத் தொற்றும் ஒட்டுண்ணி ஆகும். இந்தியாவில் இது மணிப்பூர் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுகிறது.

நோயாளியின் சளியிலும் மலத்திலும் வெளியேறும் முட்டைகள் நீரில் பொரிகின்றன. இளம்புழுக்கள் முதலில் நத்தைக்குள் புகுந்து பெருகி, பின்னர் நண்டின் உடலில் மெட்டாசெர்க்கேரியா எனப்படும் உறையிட்ட நிலையில் தங்குகின்றன. நண்டை உண்டவரின் குடலில் உறையை விட்டு வெளிவரும் புழு, குடற்சுவரையும் உதரவிதானத்தையும் துளைத்து நுரையீரலை அடைகிறது.

நீடித்த இருமல், துருநிறச் சளி ஆகியன காசநோயை ஒத்திருப்பதால், நோயாளிகள் சிலர் மாதக்கணக்கில் காசநோய் மருந்தை வீணே உட்கொள்ள நேர்கிறது. காசநோய்க் கிருமி தென்படாத சளியைச் சாயமேற்றாமல் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு முனையில் மூடியுள்ள பழுப்புநிற முட்டைகள் தென்படலாம். நண்டு உண்ட வழக்கத்தை வினவுவதே இச்சோதனைக்கு வழிகாட்டும். பிராசிகுவாண்டெல் மருந்து, உடல் எடையில் கிலோவிற்கு 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 3 வேளை, 2 நாட்கள் தரப்படுகிறது.