கைக்குப் போகும் சட்டை

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், வீட்டில் பணம், லீவு, துணைக்கு யார் என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். திரும்பி வரும்போது அந்த அம்மா எதைப் போட்டுக்கொண்டு வருவார் என்பதை யாரும் யோசிப்பதில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலையில், வந்தபோது போட்டிருந்த அதே ரவிக்கையைப் பையிலிருந்து எடுப்பார்கள். அது போகாது. கை மேலே வராது, மார்பைச் சுற்றிக் கட்டு இருக்கும், அக்குளுக்குக் கீழே ஒரு குழாய் தொங்கும்.

திண்டுக்கல்லில் என் பெரியம்மாவுக்கு இடது மார்பகத்தை எடுத்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அவருக்கு உடை தேடிய கதையை வைத்தே சொல்கிறேன். வலது பக்கம் என்றாலும் முக்கால்வாசி இதேதான்.

முதல் இரண்டு வாரத்துக்கு நைட்டிதான் என்று எல்லோருக்கும் தோன்றும். சரிதான், ஆனால் எந்த நைட்டி என்பதில் விஷயம் இருக்கிறது. சாதாரண நைட்டி தலை வழியாகப் போடுவது. அதற்கு இரண்டு கையையும் தூக்க வேண்டும். குழாய் இருக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேல் கையைத் தூக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஜிப் வைத்த நைட்டி கேட்டால் கடையில் ஃபீடிங் நைட்டியை எடுத்துப் போடுவார்கள். பெரியம்மா மகளும் அதைத்தான் இரண்டு வாங்கி வந்தாள். அதில் ஜிப் மார்பின் இரண்டு பக்கமும் நேராக இறங்கும். ஒரு பக்கத்து ஜிப் சரியாகத் தையல் போட்ட இடத்தின் மேலேயே உட்காரும். போதாததற்கு, அந்த ஜிப்பைத் திறந்தாலும் நைட்டி தலை வழியாகத்தான் போகும்.

தேவை, நடு முன்பக்கம் திறக்கும் நைட்டி. அதுவும் காலை உள்ளே விட்டுக் கீழேயிருந்து மேலே ஏற்றிக்கொள்கிற அளவுக்குத் திறக்க வேண்டும். கணக்கு எளிது. கழுத்துச் சுற்றளவோடு, திறப்பின் நீளத்தை இரண்டு மடங்காகக் கூட்டிக்கொள்ளுங்கள். கழுத்து 24 அங்குலம், ஜிப் 8 அங்குலம் என்றால் மொத்த வாய் 40 அங்குலம். இடுப்புக்குக் கீழே 42 அங்குலம் இருப்பவருக்கு அது ஏறாது. அதே நைட்டியில் நடு மடிப்பை இன்னும் வெட்டி 16 அங்குல ஜிப் வைத்தால் வாய் 56 அங்குலம் ஆகிவிடும். நின்றுகொண்டு காலை விடத் தடுமாறுவார்கள் என்பதால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு, பிறகு எழுந்தால் போதும். ஜிப்புக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்தில் பருத்தித் துணிப் பட்டை ஒன்று வைத்துத் தைத்துவிட்டால் பல் தோலில் படாது. தெருமுனைத் தையல்காரருக்கு இது அரை மணி நேர வேலை.

நைட்டி பிடிக்காதவர்களுக்கு வீட்டு ஆண்களின் அரைக்கைச் சட்டை நன்றாக உதவும். ஒரு அளவு பெரிதாக, துவைத்துத் துவைத்துத் தளர்ந்துபோன பருத்திச் சட்டையாக இருக்கட்டும். எதைப் போட்டாலும் ஒரு முறை உண்டு: அறுவை செய்த பக்கத்துக் கைக்கு முதலில் போட வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். கை சட்டையைத் தேடிப் போகக் கூடாது. போட்டுவிடுகிறவர் தன் கையைச் சட்டைக் கையின் வாய் வழியாக உள்ளே விட்டு, நோயாளியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, துணியைத் தோள்வரை உருவிவிட வேண்டும். நல்ல கை பிறகு எப்படியும் நுழைந்துவிடும். பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "அம்மா, நீங்க கையை அப்படியே தொங்க விடுங்க, சட்டையை நான் கொண்டு வர்றேன்" என்று இதைத்தான் செய்து காட்டினார்.

இனி குழாய். அறுவை செய்த இடத்தில் ஊறும் நீர் தேங்காமல் இருக்க, பக்கவாட்டில் மெல்லிய குழாய் வைத்து, அதன் முனையில் உறிஞ்சும் டப்பா ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். தினம் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதி வரச் சொல்வார்கள். நாளுக்குச் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்து, அது ஓரிரு நாள் நீடித்தால் எடுத்துவிடுவது பொதுவான வழக்கம். அதுவரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, அந்த டப்பாவும் உடையின் ஒரு பகுதிதான்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். பாத்ரூம் போகும்போது கீழே வைப்பார்கள். மறந்து எழுந்தால் தையலைச் சுண்டி இழுக்கும். நைட்டியின் உட்புறம், இடுப்புக்குச் சற்று மேலே, கை அகலத்தில் ஒரு பை வைத்துத் தைத்துவிடுங்கள். குழாய் வெளியே வரும் இடத்தைவிடப் பை தாழ இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் குழாயை வெளியே எடுக்க இன்னொரு ஓட்டை வேண்டும், நாலு பேர் பார்வையும் அங்கேதான் போகும். இதெல்லாம் முடியாவிட்டால் நாடா வைத்த சிறிய துணிப்பையை நல்ல பக்கத்துத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளலாம். குழாயில் மட்டும் ஊக்குக் குத்தாதீர்கள்.

பெரியம்மா வீட்டுக்கு வந்த பிறகு நோட்டில் முதல் நாள் 110, அடுத்த நாள் 95 என்று இருந்தது. மூன்றாம் நாள் 20. நன்றாக ஆறிவிட்டது என்று வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் சாயங்காலம் அக்குளுக்குக் கீழே உப்பலாக, விண்ணென்று இருப்பதாகச் சொன்னார். குழாய் நுழையும் இடத்துக் கட்டும் ஈரமாகியிருந்தது. நைட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. நைட்டிக்குள் பழக்கதோஷத்தில் உள்பாவாடை கட்டியிருந்தார். குழாய் நாடாவுக்கு அடியில் மாட்டி மடங்கிக் கிடந்தது. நாடாவைத் தளர்த்திக் குழாயை நேராக்கியதும் டப்பாவுக்குள் நீர் சரசரவென்று இறங்கியது. அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார்கள். ஆக, அளவு படிப்படியாகக் குறைந்தால் நல்ல செய்தி. ஒரே நாளில் சரிந்து, கூடவே உப்பலோ கசிவோ இருந்தால் முதலில் துணியைப் பாருங்கள், பிறகு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாடாப் பாவாடைக்குப் பதில் தளர்வான எலாஸ்டிக் வைத்தது இருந்தால், முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும் என்ற தொல்லையும் இல்லை.

குழாய் எடுத்த பிறகு ரவிக்கை ஞாபகம் வரும். நம் ஊர் ரவிக்கையின் அழகே அது பிடித்தாற்போல் இருப்பதில்தான். கை முடியும் இடம் மேல்கையைக் கவ்வ வேண்டும், மார்புக்குக் கீழே பட்டி இறுக்க வேண்டும். தழும்பு குறுக்கே ஓடுவதும், கை வீங்கினால் பிதுங்குவதும் ஏறக்குறைய இதே இடங்கள். அக்குள் கணுக்களை எடுத்துவிட்டால் அந்தக் கையின் நிணநீர் வடியும் வழி குறைகிறது. அதனால் மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோகூடக் கை வீங்கலாம். இறுக்கமான ரவிக்கைதான் வீக்கத்தைக் கொண்டுவருகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கையில் எதுவும் கவ்விப் பிடிக்காமல் இருப்பதே நல்லது என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. மருத்துவர் அளவெடுத்து எழுதித் தரும் அழுத்த உறை வேறு சங்கதி. அது மணிக்கட்டில் அதிக அழுத்தமும் மேலே போகப் போகக் குறைந்த அழுத்தமுமாகத் தயாரிக்கப்படுவது. ரவிக்கைக் கை ஒரே இடத்தில் கயிறு கட்டினாற்போல் இறுக்குவது.

இன்னொரு சிக்கல், அக்குளில் அறுவை செய்யும்போது மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகும் உணர்வு நரம்பு பலருக்கும் வெட்டுப்படுகிறது அல்லது அடிபடுகிறது. அந்த இடம் மரத்துப் போயிருக்கும். துணி இறுக்குவதோ கொக்கி கீறுவதோ தெரியாது. "எனக்கு டைட்டாவே தெரியலையே" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ரவிக்கையைக் கழற்றியதும் கண்ணாடி முன் நின்று பாருங்கள். வரி பதிந்திருந்தால் அது இறுக்கம்தான்.

இதற்கு ஒரு இஞ்சு டேப் போதும். அறுவைக்கு முன்பே முழங்கையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலேயும் 10 சென்டிமீட்டர் கீழேயும் இரண்டு கைகளையும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், அதே இடத்தில். பெரியம்மாவுக்கு மேலே இரண்டு கையும் 29 இருந்தது. அரை, ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்குவது சகஜம். இரண்டு கைக்கும் இருந்த வித்தியாசம் 2 சென்டிமீட்டர் கூடினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அளவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போக வேண்டும், அது தொற்று.

பழைய ரவிக்கைகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிட்டால் பக்கத்துக்கு அரை முதல் ஒரு அங்குலம் கிடைக்கும். கைச்சுற்றுக்கு அது போதாது. அக்குளில் தையலைப் பிரித்து, சாய்சதுரமாக ஒரு துணித்துண்டை வைத்துத் தைத்தால் கையை அசைக்க இடம் கிடைக்கும், சுற்றும் கூடும். கையை மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்து, நுனியில் சிறு வெட்டு விட்டுவிட்டால் கவ்வாது. பின்பக்கக் கொக்கி ரவிக்கைகள் மட்டும் கொஞ்ச நாள் பீரோவிலேயே இருக்கட்டும்.

சேலையில் இடது, வலது முக்கியம். முந்தானை இடது தோளில்தான் விழுகிறது. இடது பக்கம் அறுவை செய்தவருக்குப் பட்டுச் சேலையின் பாரமும் ஊக்கும் அங்கேயே சேரும். அந்தப் பக்கம் தட்டையாகிவிட்டதால் முந்தானை சரிந்துகொண்டும் இருக்கும். அதற்காக இன்னும் இரண்டு ஊக்கு, அதுவும் மரத்த தோலுக்குப் பக்கத்தில். பெரியம்மா, ரவிக்கைத் தோளில் ஒரு பட்டன் தைத்து, முந்தானை மடிப்பில் நூல் வளையம் வைத்து மாட்டிக்கொள்கிறார். நூல் சேலைகளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே வைக்க முதல் வாரங்களில் எடையில்லாத பஞ்சுத் திணிப்போ, நூலில் பின்னியதோ போதும். எடையுள்ள சிலிக்கான் தழும்பு நன்றாக ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நைட்டி வசதியாக இருக்கிறது என்று ஆறு மாதம் அதிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கையைத் தூக்க வேண்டிய தேவையே வராததால் தோள் இறுகிப்போகிறது. குழாய் எடுத்து, பயிற்சி தொடங்கச் சொன்ன பிறகு, வீட்டில் ஒரு வேளையாவது சட்டைக் கையில் தானே கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

புது ரவிக்கை தைக்க அவசரப்படாதீர்கள். கதிர்வீச்சு இருந்தால் அது முடிந்து, தோல் ஆறட்டும்; அதற்குள் உடம்பும் ஏறி இறங்கிவிடும். தைக்கப் போகும்போது வழக்கம்போல் அளவு ரவிக்கையைக் கொடுத்து அனுப்பாமல் நேரில் போய், வலது கைச்சுற்று, இடது கைச்சுற்று என்று தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். அறுவை செய்த பக்கத்துக்கு ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு, உள்ளே பிரிக்கத் துணியும் வைக்கச் சொல்லுங்கள்.