தாய்ப்பால் குழந்தையின் மலம்: நாற்பதுக்கு முன்னும் பின்னும்

இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு வீடு வரும் நம் பெண்களிடம், குழந்தையின் மலத்தைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். பச்சையாகப் போனால் மாந்தம், மூன்று நாள் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் குழந்தையின் வயதைப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது.

பிறந்தவுடன் வருவது பிசுபிசுப்பான கருமலம். பால் சேரச் சேர அது பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகும். அரைத்த கடுகு போலத் தளர்வாக, சிறு சிறு விதைகளோடு இருக்கும். அந்த விதைகள் திரிந்த பாலின் துணுக்குகள்தான். வயிற்றுப்போக்கு அல்ல.

பச்சைக்குக் காரணம் பித்தநீர். அது இயல்பிலேயே பச்சை. குடலில் மெதுவாக இறங்கும்போது மஞ்சளாகிறது, வேகமாக இறங்கினால் பச்சையாகவே வருகிறது. பச்சையோடு நுரையும் இருந்தால், ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம் மாற்றிப் பாருங்கள்.

இப்போது இரண்டு குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். முதல் குழந்தைக்கு 15 நாள். இரண்டு நாளாக மலம் இல்லை, சிறுநீரும் நாளைக்கு மூன்று முறைதான். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் தினமும் மூன்று நான்கு முறையாவது போகும். ஆகவே பால் போதவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே எடை பார்க்கக் கொண்டுபோங்கள்.

இரண்டாம் குழந்தைக்கு 50 நாள். ஐந்து நாளாக மலம் இல்லை. ஆனால் நன்றாகக் குடிக்கிறது, ஆறேழு முறை சிறுநீர் போகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. இது மலச்சிக்கல் அல்ல. நாற்பது கழிந்த பிறகு, தாய்ப்பாலில் பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடுவதால் கழிவு குறைகிறது. ஒரு வாரம் கழித்துப் போனாலும் மலம் இளகி வந்தால் போதும். முகம் சிவக்க முக்குவதும் சகஜம். புழுக்கை போல இறுகி வந்தால்தான் மலச்சிக்கல். விளக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதுவும் வேண்டாம்.

பிறந்து 24 மணி நேரத்தில் கருமலம் போகாதது, மலத்தில் இரத்தம், தண்ணீராகப் போவது, வயிறு உப்புவது, பச்சையாக வாந்தி, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது வெளுத்த மலம். சுண்ணாம்பு அல்லது களிமண் நிறத்தில் வந்தால், பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை இருந்தாலும் இதைச் சோதிக்க வேண்டும். பித்தக் குழாய் அடைப்பாக இருந்தால், 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். நாற்பது முடியட்டும் என்று அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.