செல்லாத சான்றிதழுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் ஊர்தோறும் தட்டிகள் முளைக்கின்றன: 'இரண்டே ஆண்டில் நர்சிங் டிப்ளமோ, அரசு அங்கீகாரம் பெற்றது, நூறு சதவீத வேலை.' இதை நம்பிப் பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பங்களில் பல கூலி வேலைக்குப் போகிறவர்களுடையவை. செவிலியராகப் பணிபுரிய மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் போன்ற படிப்புகளை, அனுமதி பெற்ற கல்லூரியில் முடித்தவர்களுக்கே அந்தப் பதிவு கிடைக்கும். தட்டியில் பார்த்துச் சேர்ந்த டிப்ளமோவுக்குப் பதிவு இல்லை என்பது பலருக்குப் படிப்பை முடித்து வேலை தேடும்போதுதான் தெரிகிறது.

அப்போது நிறுவனத்தில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். பணத்தைத் திரும்ப வாங்கும் வழி ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. அதன் பலம் இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கான சான்று: நோட்டீஸ், விண்ணப்பப் புத்தகம், வாட்ஸ்அப் செய்தி. மற்றொன்று, அது பொய் என்பதற்கான சான்று. இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கட்டணத்தில், கவுன்சிலுக்குத் தமிழிலேயே மனுப் போடலாம். இந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா, இந்தப் படிப்பைப் பதிவு செய்வீர்களா என்று இரண்டு கேள்விகள் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நிறுவனம் உடனே ஒரு ஐ.எஸ்.ஓ. சான்றிதழையோ, அறக்கட்டளைப் பதிவையோ, சிறுதொழில் பதிவையோ காட்டும். இவை அந்த நிறுவனம் இருக்கிறது என்பதைக் காட்டும் பதிவுகள்தாம். படிப்புக்கான அங்கீகாரம் ஆகா.

ஒரு மாணவி 72,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரசீது இருப்பது 60,000 ரூபாய்க்கு. மீதி 12,000 ரூபாயை உரிமையாளரின் செல்போன் எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பியிருக்கிறார். ரசீது இல்லையே என்று அதை விட்டுவிட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையே அதற்குச் சான்று. அவர் கடிதத்தை இப்படி எழுதலாம்:

'ஐயா, தங்கள் படிப்பு அரசு அங்கீகாரம் பெற்றது என்ற நோட்டீஸை (இணைப்பு 1) நம்பி, 2023 ஜூலையில் நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தேன். மொத்தம் 72,000 ரூபாய் கட்டினேன் (இணைப்பு 2, 3). இந்தப் படிப்பைப் பதிவு செய்ய இயலாது எனக் கவுன்சில் எழுத்தில் தெரிவித்துள்ளது (இணைப்பு 4). தவறான விளம்பரத்தால் நான் இழந்த 72,000 ரூபாயையும், தாங்கள் வைத்திருக்கும் எனது பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழையும் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.'

இவ்வளவு போதும். வசவு, மிரட்டல் எதுவும் வேண்டாம். இணைப்பில் நகல்களை மட்டும் வைத்து, கைக்குச் சேர்ந்ததற்கான சான்றோடு தபாலில் அனுப்புங்கள்.

'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாயே' என்பார்கள். பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து அவர்களைக் காப்பாற்றாது. பாதிப் பணத்தை நீட்டி, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். முழுத் தொகை வராமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

கல்வி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் வாதிடுவார்கள். இதில் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. ஆனால் பீகாரிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இல்லாத அங்கீகாரத்தை விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த வழக்கில், 2009-இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. ஆகவே 'சரியாகப் பாடம் நடத்தவில்லை' என்பதைக் கடிதத்தின் மையமாக்காதீர்கள். 'பொய் விளம்பரம் செய்தீர்கள்' என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே சமரசத்துக்கு முயல்வார்கள். அதுவும் பலிக்காவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். வழக்குக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் கெடு. கடிதம் அனுப்பியதால் அந்தக் கெடு நீளாது. 'அடுத்த மாதம் தருகிறோம்' என்று போனில் சொல்வதை நம்பிக் காலத்தைக் கடத்துவதில்தான் பலர் தோற்கிறார்கள். உண்மை தெரிந்த வாரத்திலேயே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.