அனுமதி கிடைத்த பிறகு கிளம்பிய எதிர்ப்பு

வட கடலில் 'பிரெண்ட் ஸ்பார்' என்றொரு மிதக்கும் எண்ணெய்த் தொட்டி இருந்தது. எடை சுமார் 14,500 டன். பயன்பாடு முடிந்ததும், அட்லாண்டிக்கின் ஆழத்தில் அதை மூழ்கடிக்க ஷெல் நிறுவனம் முடிவு செய்தது. ஆய்வுகள் நடந்தன, மீனவர் அமைப்புகளிடம் கருத்துக் கேட்டார்கள், பிரிட்டிஷ் அரசும் அனுமதித்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

1995 ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் அமைப்பினர் அந்தத் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஜெர்மனியில் வண்டி ஓட்டுபவர்கள் ஷெல் பங்குகளில் பெட்ரோல் போடுவதை நிறுத்தினார்கள். ஜூன் 20 அன்று ஷெல் பின்வாங்கியது. தொட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெய் பற்றித் தான் சொன்ன கணக்கு தவறு என்று செப்டம்பரில் கிரீன்பீஸ் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 'கடல் என்ன குப்பைத் தொட்டியா?' என்று கேட்டவர்களுக்கு டன் கணக்கு பதிலாகாது.

ஷெல் யாரிடமும் பேசாமல் இல்லை. யாரிடம் பேசுவது என்பதை அனுமதிப் படிவத்தைப் பார்த்துத் தீர்மானித்ததுதான் கோளாறு. திட்டத்தைத் தடுக்கக்கூடியவர் யார், அவருடைய பயம் என்ன, அவரை யார், எப்போது சந்திப்பது என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். அதில் இன்னொன்றும் இருக்க வேண்டும்: இன்று நாம் எதையெல்லாம் மாற்றத் தயார்? அதற்கு விடை 'எதுவுமில்லை' என்றால் நடக்கப்போவது பேச்சுவார்த்தை அல்ல, அறிவிப்பு. எதிரே இருப்பவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

அடுத்த சுற்றில் ஷெல் இதைத்தான் மாற்றியது. தொட்டியை என்ன செய்யலாம் என்று வெளியாரிடம் யோசனை கேட்டது. வெவ்வேறு நாடுகளில் கூட்டங்கள் நடந்தன. கம்பெனிக்காரர்கள் நடத்தாமல் ஒரு நடுநிலை அமைப்பு நடத்தியதால் விமர்சகர்களும் வந்தார்கள். யோசனைகளைச் சரிபார்க்கும் வேலை நார்வேயின் டிஎன்வி நிறுவனத்திடம் போனது.

எதிர்ப்பவரோடு உட்காரும் முதல் நாளில் வரைபடத்தை விரிக்காமல் இருப்பது நல்லது. 'இவ்வளவு செலவுவரை தாங்குவோம், இந்தத் தேதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும், இதற்குள் என்ன செய்யலாம்?' என்று நம் எல்லையை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவரைப் பேசவிட வேண்டும். ஒரு ஆட்சேபணைக்குப் பதில் சொன்னதும் இன்னொன்று முளைத்தால், உண்மையான காரணம் இன்னும் வெளியே வரவில்லை என்று பொருள். பதில்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு, தனியாகச் சந்தித்துக் கேட்க வேண்டிய நேரம் அது.

இதில் எல்லாரும் திருப்தியாக எழுந்து போவார்கள் என்று நினைக்கக் கூடாது. பிரெண்ட் ஸ்பாரில் மூழ்கடிப்பதைவிடச் செலவு கூடியது, ஆண்டுகளும் ஓடின. 1998 ஜனவரியில் ஒரு யோசனை தேர்வானது. தொட்டியின் உடலை வளையங்களாக அறுத்து, நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே மெக்யார்விக்கில் கப்பல் துறைக்கு அஸ்திவாரமாக்கினார்கள். அதே ஆண்டில், வடகிழக்கு அட்லாண்டிக்கைச் சுற்றியுள்ள நாடுகள் சில விதிவிலக்குகளோடு இத்தகைய கட்டுமானங்களைக் கடலில் போடுவதற்குத் தடை விதித்தன.